15 நிமிடத்தில் யார் கை எங்கே?

பிரசவ அறையில் முதலில் ஏமாறுவது கண்தான். விரிப்பில் ஊறியது, பஞ்சில் ஒட்டியது, பனிநீரோடு கலந்தது என்று இரத்தம் பல இடங்களில் பிரிந்து கிடப்பதால், அனுபவமுள்ள சிஸ்டர்கூட 'முந்நூறு மில்லி இருக்கும்' என்று சொல்லும்போது உண்மையில் அறுநூறு போயிருக்கலாம். கர்ப்பிணியின் உடல் இதை இன்னும் மோசமாக்குகிறது. ஒரு லிட்டருக்கு மேல் இழக்கும்வரைகூட இரத்த அழுத்தம் விழாமல் தாக்குப்பிடிக்கும். பிறகு ஒரேயடியாகச் சரியும்.

இதற்கு விடையாக வந்தது எளிமையான ஒரு பிளாஸ்டிக் பை. குழந்தை பிறந்தவுடன் தாயின் இடுப்புக்கு அடியில் விரித்துவிட்டால் இரத்தம் அளவுக்கோடு போட்ட பையில் சேரும். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 80 மருத்துவமனைகளில் 'இ-மோட்டிவ்' என்ற ஆய்வு நடந்தது. பையால் அளந்து, தேவையான சிகிச்சைகளை ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே மூச்சில் கொடுத்தார்கள். கடும் இரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்கும் அறுவை, மரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டால், வழக்கமான முறையில் 4.3 சதவீதமாக இருந்தது 1.6 ஆகக் குறைந்தது. முடிவு 2023-ல் வெளியானது. பயன்பட்ட மருந்துகள் எல்லாம் பழையவைதான். புதிதாக வந்தது அளவும் வேகமும்.

வேகம் புத்தகம் படித்து வருவதில்லை. அதற்குத்தான் ஒத்திகை.

இரவு நேர ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரசவம் பார்க்கும் ஸ்டாஃப் நர்ஸ், உதவிக்கு இன்னொரு நர்ஸ் அல்லது கிராம சுகாதாரச் செவிலியர், ஓர் ஆயாம்மா. டாக்டர் குவார்ட்டர்ஸில் இருக்கிறார், கூப்பிட்டால் வருவார். தாயாக நடிக்க ஒரு நர்ஸ் கட்டிலில் படுக்கிறார். இடுப்பில் கட்டிக்கொள்ளும் பயிற்சிப் பொம்மை கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் சிவப்புச் சாயம் கலந்த டிரிப் பாட்டிலும் அதன் குழாயும் போதும். கையில் கடிகாரத்துடன் ஒருவர் ஓரமாக நிற்பார். அவர் எதற்கும் உதவ மாட்டார்.

மணி 11.10. குழந்தை பிறந்து, தசையில் 10 யூனிட் ஆக்சிடோசின் போட்டாகிவிட்டது, நச்சுக்கொடியும் வந்துவிட்டது. பையில் 350 மில்லி. நாடித் துடிப்பு 112, இரத்த அழுத்தம் 100/60. கட்டிலில் இருப்பவர் 'தலை சுத்துது அக்கா' என்கிறார். 500 மில்லி ஆகட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 300 தாண்டி, நாடி 100-க்கு மேல் போனாலே சிகிச்சையைத் தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2025 வழிகாட்டியும் ஏற்றுக்கொண்ட கணக்கு.

முதல் நர்ஸ் சத்தமாகக் கூப்பிடுகிறார். அவருடைய கை வயிற்றை விட்டு நகரக் கூடாது. அதுதான் அவருடைய பொறுப்பு. கர்ப்பப்பை தளர்ந்து, பிசைந்த மாவு போல இருக்கிறது; இறுகும்வரை தேய்க்கிறார். சிறுநீர்ப்பை நிரம்பியிருந்தால் கர்ப்பப்பை சுருங்காது என்பதால் கத்தீட்டர் போடுவதும் அவர்தான்.

இரண்டாவது நர்ஸுக்கு ஊசியும் மருந்தும். பச்சை நிற வென்ஃபிளான் இரண்டு கையிலும் ஏறுகிறது. அதே கையோடு இரத்த வகை பார்க்க மாதிரியும் எடுத்தாகிறது. 10 யூனிட் ஆக்சிடோசினைச் சலைனில் கலந்து பத்து நிமிடத்தில் ஓடவிடுகிறார். நரம்பில் ஒரேயடியாகத் தள்ளினால் இரத்த அழுத்தம் விழுந்துவிடும். அடுத்தது டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம், பத்து நிமிடத்தில் மெதுவாக. பிரசவமாகி 3 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் இதனால் பயன், அதிலும் தாமதமாகத் தாமதமாகப் பலன் குறையும். அதனால் 'முதலில் ஆக்சிடோசின் வேலை செய்கிறதா பார்ப்போம்' என்று இதைத் தள்ளிப்போடக் கூடாது.

மூன்றாமவர் ஆயாம்மா. பல இடங்களில் இவரை 'ஓடிப்போய் எடுத்து வா' என்பதோடு விட்டுவிடுகிறார்கள், அது பெரிய வீண். டாக்டருக்கும் 108-க்கும் போன் செய்வது, பெட்டியைக் கொண்டு வருவது, குழந்தையைக் கவனிப்பது, உறவினர் கதவைத் தள்ளாமல் பார்ப்பது எல்லாம் அவருக்கு முன்கூட்டியே ஒதுக்கப்பட வேண்டும். போனில் பேச வேண்டிய நாலு வரி போன் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும்: எந்த நிலையம், எத்தனை மில்லி, நாடி எவ்வளவு, என்ன கொடுத்தாகிவிட்டது.

சுவரில் ஒட்டிய சரிபார்ப்புப் பட்டியலைப் படிப்பது டாக்டர் வந்ததும் அவர் வேலை. அதுவரை முதல் நர்ஸ் வயிற்றிலிருந்து கை எடுக்காமலே கேட்கிறார். 'டிரானெக்சா போச்சா?' 'ஒரு கிராம், 11.15-க்கு ஆரம்பிச்சாச்சு.' வெறும் 'ம்' என்ற பதிலை ஒத்திகை நடத்துபவர் ஏற்க மாட்டார். மருந்தின் பெயர், அளவு, நேரம் மூன்றும் திரும்பி வந்தால்தான் அந்த வரிக்கு டிக்.

இங்கேதான் அனுபவமுள்ள பயிற்சியாளர் ஒரு குறும்பு செய்வார். ஆறாவது நிமிடத்தில் 'கர்ப்பப்பை கல் மாதிரி இறுகிவிட்டது' என்று அறிவித்துவிட்டு, குழாயை மூடாமல் விடுவார். பலரும் இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள், இன்னொரு ஊசிக்குக் கை நீட்டுவார்கள். இறுகிய கர்ப்பப்பையும் நிற்காத இரத்தமும் ஒன்றாக இருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது கிழிசலை. விளக்கைத் திருப்பி, கர்ப்பப்பை வாயையும் பிறப்புப் பாதையையும் பார்க்க வேண்டும். தட்டில் இருக்கும் நச்சுக்கொடியைப் புரட்டி, துண்டு ஏதும் குறைகிறதா என்று சரிபார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால், எடுத்த இரத்தத்தைச் சாதாரணக் கண்ணாடிக் குழாயில் வைத்துப் பார்க்கலாம். ஏழு நிமிடத்தில் உறையவில்லை என்றால் கோளாறு இரத்தம் உறைவதில்.

கிழிசல் இல்லாமல், கர்ப்பப்பையே இறுக மறுத்தால் மிசோப்ரோஸ்டால் 800 மைக்ரோகிராம் நாக்குக்கு அடியில். அதாவது 200-ல் நாலு மாத்திரை. அதற்கும் மசியாவிட்டால் கர்ப்பப்பைக்குள் பலூன். 2000-களின் தொடக்கத்தில் டாக்கா மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சயீபா அக்தர் விலை உயர்ந்த பலூனுக்குப் பதில் கத்தீட்டர் நுனியில் ஆணுறையைக் கட்டி, உள்ளே வைத்துச் சலைனால் நிரப்பிக் காட்டினார். சிறிய நிலையத்தில் இது குணப்படுத்தும் கடைசிக் கட்டம் இல்லை, பெரிய மருத்துவமனை போய்ச் சேரும்வரை பிடித்துவைக்கும் அடைப்பு. ஆம்புலன்ஸில் ஒரு நர்ஸும் கூடவே ஏற வேண்டும். அப்போது நிலையத்தில் யார் மிச்சம் என்பதையும் ஒத்திகையிலேயே முடிவுசெய்வது நல்லது.

ஒத்திகை முடிந்ததும் கடிகாரக்காரர் தாளைப் படிக்கிறார். கூப்பிட்டது 11.10, ஆக்சிடோசின் 11.17. ஏன் ஏழு நிமிடம்? நர்ஸுக்கு டோஸ் தெரியாமல் இல்லை. ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து, அவசரப் பெட்டியில் அது கிடையாது. பிரிட்ஜ் பூட்டியிருந்தது, சாவி பகல் ஷிஃப்ட் சிஸ்டரின் கைப்பையோடு வீட்டுக்குப் போய்விட்டது. இப்படிப்பட்ட ஓட்டையைப் பகலில், எல்லோரும் இருக்கும்போது, அறிவித்துவிட்டு நடத்தும் ஒத்திகை காட்டிக்கொடுக்காது. ஆள் குறைவான இரவு ஷிஃப்டில், சொல்லாமல் நடத்த வேண்டும்.

'யார் தப்பு?' என்ற கேள்வி அந்தக் கூட்டத்தில் எழக் கூடாது. எழுந்தால் அடுத்த முறை நேரத்தைத் திருத்தி எழுதுவார்கள். தாளில் மூன்று வரி போதும்: என்ன தாமதம், யார் சரிசெய்வது, எந்தத் தேதிக்குள். பிரிட்ஜ் சாவிக்குக் கதவோரம் ஓர் ஆணி, பெட்டியின் மூடியில் 'ஆக்சிடோசின் பிரிட்ஜில்' என்ற சீட்டு, காலாவதித் தேதி பார்க்க மாதம் ஒரு நாள். அடுத்த ஒத்திகை இரண்டு வாரத்தில், இந்த முறை டியூட்டியில் இல்லாதவர்களை வைத்து.