99.83 சதவீதம் சரி, ஒரு மோசடியும் பிடிபடவில்லை

ஐரோப்பியர்கள் 2013 செப்டம்பரில் இரண்டு நாட்களில் தங்கள் கிரெடிட் கார்டில் செய்த 2,84,807 பரிவர்த்தனைகள் ஒரே கோப்பில் கிடைக்கின்றன. அவற்றில் மோசடி 492. பிரஸ்ஸல்ஸில் உள்ள யு.எல்.பி. பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழுவும் வேர்ல்ட்லைன் நிறுவனமும் சேர்ந்து செய்த ஆராய்ச்சியில் திரட்டியது இது. மெஷின் லேர்னிங் கற்பவர்கள் பெரும்பாலும் ஒரு முறையாவது இதில் கை வைத்திருப்பார்கள். மோசடியைக் கண்டுபிடிக்கும் ஒரு மாடலைப் பயிற்றுவித்து, அது எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று ஓர் அறிக்கை எழுதுவார்கள். மாடல் செய்வதைவிட அந்த அறிக்கையை நேர்மையாக எழுதுவதுதான் கடினம்.

ஏன் என்று பார்ப்போம். எந்தப் பரிவர்த்தனை வந்தாலும் யோசிக்காமல் 'சரியானது' என்று சொல்லும் ஒரு நிரலை எழுதுங்கள். 2,84,315 முறை அது சொல்வது சரி, 492 முறை தவறு. மொத்தத்தில் எத்தனை சரி என்று கணக்கிடும் அக்யூரசி 99.83 சதவீதம் வந்துவிடும். ஆனால் வங்கிக்கு அதனால் ஒரு காசு பயன் இல்லை. ஒரு வகை ஏராளமாகவும் மற்றது அரிதாகவும் இருக்கும் இடத்தில் அக்யூரசியைப் பார்ப்பதே வீண்.

அதனால்தான் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்கள். நடந்த மோசடிகளில் எத்தனை பங்கை மாடல் பிடித்தது? இது ரீகால். மாடல் 'மோசடி' என்று கைகாட்டியவற்றில் உண்மையிலேயே மோசடி எத்தனை பங்கு? இது பிரிசிஷன். ரீகால் குறைந்தால் வாடிக்கையாளரின் பணம் போகும். பிரிசிஷன் குறைந்தால் விசாரணைப் பிரிவில் இருப்பவர்கள் தவறே செய்யாதவர்களுக்குப் போன் போட்டு, 'இது நீங்கள் வாங்கியதுதானா?' என்று கேட்டே நாளைக் கழிப்பார்கள்.

இந்த இரண்டையும் சொல்லிவிட்டாலே அறிக்கை நேர்மையாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. எந்த விகிதத்தில் உள்ள தரவில் சோதித்தோம் என்பதைப் பொறுத்துப் பிரிசிஷன் தலைகீழாக மாறும். மோசடிகள் குறைவு என்பதால் சரியான பரிவர்த்தனைகளிலும் அதே அளவு மட்டும் எடுத்து, சரிபாதியாக வைத்துச் சோதிப்பது பரவலான வழக்கம். உதாரணத்துக்கு, 100 மோசடி, 100 சரியானவை. மாடல் 90 மோசடிகளைப் பிடிக்கிறது. சரியானவற்றில் 2ஐத் தவறாகச் சந்தேகிக்கிறது. கைகாட்டிய 92இல் 90 உண்மை. பிரிசிஷன் 97.8 சதவீதம். பார்க்க அருமையாக இருக்கிறது.

இதே மாடலை, ஒரு திருகுகூட மாற்றாமல், உண்மையான விகிதத்துக்குக் கொண்டுபோவோம். அங்கே 100 மோசடிக்குச் சுமார் 57,800 சரியான பரிவர்த்தனைகள் இருக்கும். நூற்றுக்கு 2 என்ற அதே தவறு இப்போது 1,156 பொய் எச்சரிக்கைகளாகிறது. பிடிபட்ட மோசடி முன்புபோலவே 90தான். மொத்தம் 1,246 எச்சரிக்கைகளில் 90 உண்மை, பிரிசிஷன் 7.2 சதவீதம். ரீகால் மட்டும் 90 சதவீதத்திலேயே நிற்கிறது, ஏனென்றால் அது மோசடிகளை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. பயிற்சிக்கு விகிதத்தை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். சோதிக்கும் தரவு மட்டும் உலகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். நான் விட்டுக்கொடுக்காத விதி இது.

சோதனை என்றால் கிராஸ் வேலிடேஷன். தரவை ஐந்து கூறுகளாகப் பிரித்து, நான்கில் பயிற்றுவித்து ஐந்தாவதில் சோதிப்பது. பிறகு கூறுகளை மாற்றி மாற்றி ஐந்து முறை செய்வது. மோசடிகள் ஒரே கூறில் போய்க் குவியாமல், எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் விழும்படி பிரிக்க வேண்டும். பைத்தானில் `StratifiedKFold` செய்வது இதைத்தான். அப்போது ஒரு கூறுக்கு 98 அல்லது 99 மோசடிகள் கிடைக்கும்.

இங்கேதான் பெரிய ஓட்டை விழுகிறது. அரிதான வகையைப் பெருக்க SMOTE என்ற முறை 2002 முதல் புழக்கத்தில் உள்ளது. ஒரு மோசடியையும் அதைப் போன்ற இன்னொரு மோசடியையும் எடுத்து, இரண்டுக்கும் இடைப்பட்ட மதிப்புகளோடு ஒரு செயற்கை மோசடியை அது உருவாக்கும். இந்தத் தரவை இப்படிச் சரிபாதியாக்கினால் 2,83,823 செயற்கை மோசடிகள் பிறக்கும். அசல் ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தட்ட 577 சாயல்கள். பெருக்கிய பிறகு கூறுகளாகப் பிரித்தால், ஒரே மோசடியின் சாயல்கள் பயிற்சிப் பக்கமும் சோதனைப் பக்கமும் சிதறிவிடும். தேர்வுக்கு முன்பே வினாத்தாள் கசிந்த கதைதான். ரீகால் 99, பிரிசிஷன் 99 என்று எல்லாம் பளபளக்கும்.

இதைப் பிடிக்க மாடலைத் திறந்து பார்க்கவே வேண்டாம். அறிக்கையில் உள்ள எண்ணிக்கை அட்டவணையைப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்கைச் சோதித்ததாகச் சொல்லும் அறிக்கையில் சோதனை மோசடிகள் 98க்குப் பதில் 56,863 அளவில் இருந்தால், பெருக்கிய பிறகுதான் பிரித்திருக்கிறார்கள். மொத்தமே 492 மோசடிகள் உள்ள தரவில் வேறு எங்கிருந்து அத்தனை வரும்? சரியான வரிசை, முதலில் பிரித்து, பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பயிற்சிப் பகுதியை மட்டும் பெருக்குவது. இந்தக் கோப்பில் அச்சு அசலாகத் திரும்ப வரும் வரிகளும் 1,081 உள்ளன. அவற்றையும் பிரிப்பதற்கு முன்பே நீக்கிவிடுவது நல்லது.

எந்த மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மோசடி என்று கைகாட்டுவது என்ற எல்லைக்கோட்டிலும் இதே கவனம் வேண்டும். கோட்டை உயர்த்தினால் பொதுவாகப் பிரிசிஷன் ஏறும், ரீகால் இறங்கும். சோதனை விடைகளைப் பார்த்துவிட்டு, எண் அழகாக வரும் இடத்தில் கோட்டைப் போடுவது ஏமாற்று. பயிற்சிப் பகுதிக்குள்ளேயே அதை முடிவு செய்துவிட்டுத்தான் சோதனைக்குப் போக வேண்டும்.

வந்த எண்களை எவ்வளவு நம்பலாம்? 98 மோசடிகளில் ஒன்று கூடக்குறைய ஆனாலே ரீகால் ஒரு சதவீதம் நகரும். ரீகால் 80 சதவீத அளவில் இருக்கும்போது, தற்செயலாகவே அது எட்டு சதவீதம் வரை மேலோ கீழோ போகக்கூடும். ஆகவே 'அவர்கள் மாடல் 80, எங்களுடையது 82' என்று ஒரு கூறை வைத்து மார்தட்டினால், வித்தியாசம் மொத்தமே இரண்டு மோசடிகள். ஐந்து கூறுகளின் ரீகாலும் 73, 86, 79, 82, 77 என்று வந்தால், சராசரியை மட்டும் எழுதாமல் ஐந்தையும் எழுத வேண்டும். பிடித்தவை, தவறவிட்டவை, பொய் எச்சரிக்கைகள் எத்தனை என்பதையும் சதவீதமாக்காமல் எண்ணிக்கையாகவே கொடுக்க வேண்டும். வாசிப்பவர் தானே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை மிஞ்சும். வரிசையைக் கலைத்துப் பிரிக்கும்போது இரண்டாம் நாளின் மோசடிகளைக் கற்றுக்கொண்டு முதல் நாளை ஊகிக்கிறது மாடல். வங்கியில் நாளை நடக்கப்போவது யாருக்கும் தெரியாது. திருட்டுக் கையில் சிக்கிய ஒரு கார்டில் அடுத்தடுத்து மோசடி நடப்பதும் சகஜம்; அவற்றில் சில பயிற்சியிலும் சில சோதனையிலும் விழுந்தால் மறுபடியும் கசிவு. ஒரே கார்டின் பரிவர்த்தனைகளை ஒரே பக்கம் வைக்கலாம் என்றால், இந்தக் கோப்பில் கார்டு அடையாளம் இல்லை. ரகசியம் காக்க, 28 பத்திகளை உருமாற்றி `V1` முதல் `V28` வரை பெயரிட்டிருக்கிறார்கள்.

மிஞ்சியிருப்பது `Time` என்ற பத்தி. முதல் பரிவர்த்தனையிலிருந்து எத்தனை விநாடி கழிந்தது என்று அது சொல்லும். 86,400 வரை உள்ளதை, அதாவது முதல் நாளை, பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைக்கலாம். கலைத்துப் பிரித்தபோது வந்ததைவிட எண்கள் இறங்கினால் இறங்கிய எண்களையே அறிக்கையில் முதலில் போட வேண்டும். பக்கத்திலேயே இன்னொரு வரியும் வேண்டும்: இது ஒரு நாளைப் படித்து அடுத்த நாளைச் சோதித்த முடிவு, மூன்று மாதம் கழித்து மோசடிக்காரர்கள் வழியை மாற்றிய பிறகு இந்த மாடல் என்ன செய்யும் என்பதை இரண்டு நாள் தரவைக் கொண்டு சொல்ல முடியாது.