‘பிற’ என்ற சொல்லின் எல்லை

பேசாலையிலே கருவாட்டு வியாபாரி ஒருவர் கிட்டங்கி ஒன்றை வாடகைக்கு எடுக்கிறார் என வைத்துக்கொள்வோம். ‘ஆதன வரி, தண்ணீர்க் கட்டணம், மின்சாரக் கட்டணம், பிற கட்டணங்கள் ஆகியவற்றை வாடகைக்காரரே செலுத்துதல் வேண்டும்’ என்பது உடன்படிக்கை வாசகம். சில மாதங்களின் பின், உரிமையாளர் தமது காணிப் பிரிவினை வழக்குக்குக் கொடுத்த சட்டத்தரணிக் கூலியையும் ‘பிற கட்டணம்’ என்று கேட்கிறார். வியாபாரி அதனைக் கொடுத்தாக வேண்டுமா?

இத்தகைய வாசகத்தைப் படிக்கும் நீதிமன்றம் முதலில் ‘பிற’ என்பதைப் பார்ப்பதில்லை. அதற்கு முன்னுள்ள மூன்றையும் பார்க்கும். அவை மூன்றும் கட்டடத்தில் இருந்து தொழில் செய்வதனால் பொது நிறுவனங்களுக்குச் செல்லும் தொகைகள். குப்பை அகற்றும் கட்டணம் அந்த இனத்தைச் சேரும். காணி வழக்கின் கூலி சேராது. பொதுச்சொல் யாவற்றையும் விழுங்குவதாயின், அந்த மூன்றையும் பெயர் சொல்லி எழுதியது வீண் வேலையாகிவிடும் அன்றோ?

இவ்விதிக்குக் கப்பல் காப்புறுதியிலே புகழ்பெற்ற வழக்கொன்று உண்டு. 1884ஆம் ஆண்டு ‘இஞ்ச்மரீ’ என்னும் நீராவிக் கப்பல், பர்மியக் கரையை அடுத்த டயமண்ட் தீவருகே நங்கூரமிட்டிருந்தது. கொதிகலத்துக்கு நீர் ஏற்றும்போது, திறந்திருக்க வேண்டிய அடைப்பிதழ் மூடியிருந்தது. போக வழியற்ற நீர் திரும்பி அழுத்த, பம்பின் காற்றறை வெடித்தது.

காப்புறுதிப் பத்திரம் கடலின் ஆபத்து, போர்க்கப்பல், தீ, பகைவர், கடற்கொள்ளையர் என அடுக்கி, ‘மற்றெல்லா ஆபத்துகளும்’ என முடிந்தது. ‘எல்லா’ என்றே இருக்கிறதே என்றனர் கப்பற்காரர். 1887இல் பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. கரையிலுள்ள ஆலையிலும் இதே பம்பு இவ்வாறே வெடித்திருக்கலாம். கடலுக்கு இதில் பங்கில்லை என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் கப்பற்காரர் கொதிகல வெடிப்பு, மாலுமிகளின் கவனக்குறைவு முதலியவற்றைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டனர். அவ்வாசகத்துக்கு இன்றும் இஞ்ச்மரீ வாசகம் என்றே பெயர். 1906ஆம் ஆண்டின் ஆங்கிலக் கடற்காப்புறுதிச் சட்டமும், ‘மற்றெல்லா ஆபத்துகள்’ என்பது பெயர் குறித்தவற்றை ஒத்தவையே என விதித்தது.

ஆயினும் இது கண்ணை மூடிக்கொண்டு பிரயோகிக்கும் விதி அன்று. முன்னுள்ள பொருள்களுக்குள் ஓர் இனமே காணப்படாவிடின் பொதுச்சொல்லைச் சுருக்க வழியில்லை. ஒரே பொருள் மட்டும் குறிக்கப்பட்டிருப்பினும் பெரும்பாலும் அதே கதைதான். வணிகப் பத்திரங்களில் நீதிபதிகள் கட்சிக்காரரின் நோக்கத்தையே முதலில் நாடுவர். 1950இல் ஓர் ஆங்கில வழக்கிலே, ‘அமிலம், வெடிபொருள், ஆயுதம், தோட்டா அல்லது பிற அபாயச் சரக்கு’ ஏற்றலாகாது என்றிருந்த கப்பலில் டர்பன்டைன் ஏற்றப்பட்டிருந்தது. அது முன்னவற்றின் இனமன்று என்ற வாதம் எடுபடவில்லை. ‘அபாய’ என்ற அடைமொழியே எல்லையை வகுத்துவிட்டது; டர்பன்டைனும் தடைக்குள் அகப்பட்டது.