கரை தெரியாத புடவை

ஆன்லைன் புடவைக் கடையின் பட்டியல் பக்கத்தை எடைபோட, முதலில் படங்களின் ஓரத்தைப் பாருங்கள். படம் 3:4 அளவில் நெடுக்காக இருக்கும், கட்டமோ சதுரம். `object-fit: cover` என்று எழுதியிருந்தால், கட்டத்தை நிரப்புவதற்காக மேலும் கீழுமாகப் படத்தில் கால்பங்கு போய்விடும். போவது பெரும்பாலும் மாடலின் தலையும் புடவையின் கீழ்க்கரையும். கரை தெரியாமல் யார் புடவை வாங்குவார்கள்? `contain` முழுப் படத்தையும் காட்டும், ஆனால் இருபக்கமும் வெற்றிடம் விடும். கட்டத்தையே 3:4 ஆக்குவதுதான் சரி.

அடுத்து, விலைகள் ஒரே கோட்டில் நிற்கின்றனவா? ஒரு புடவையின் பெயர் ஒரு வரி, பக்கத்துப் புடவைக்கு மூன்று வரி என்றால் விலைகள் ஏறி இறங்கும். ஒப்பிடக் கண் திணறும். எல்லாப் பெயருக்கும் இரண்டு வரி இடம் ஒதுக்கினால் போதும். ₹1,499 தடித்த எழுத்தில், அடித்துவிட்ட ₹2,999 சிறிதாகச் சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். பல கடைகளில் ‘50% தள்ளுபடி’தான் சிவப்பில் கத்துகிறது, கொடுக்கவேண்டிய தொகையைத் தேட வேண்டியிருக்கிறது.