கூரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம்

கேமராவின் ஹாட் ஷூவில் மாட்டிய பிளாஷை முகத்துக்கு நேராக அடித்தால் நெற்றியும் மூக்கு நுனியும் பளபளக்கும். பின்சுவரில் கரிய நிழல் விழும். பிளாஷின் முகப்பு சில சென்டிமீட்டர் அகலமே உள்ளதுதான் இதற்குக் காரணம். விளக்கு எவ்வளவு சிறியதோ, நிழலின் விளிம்பு அவ்வளவு கூர்மையாக இருக்கும். அதே பிளாஷின் தலையைத் திருப்பி வெள்ளைக் கூரையில் அடித்தால், அங்கே ஒரு மீட்டருக்கு மேல் வெளிச்சம் படரும். அந்தப் பரப்பே முகத்துக்கு விளக்காகிவிடுவதால் நிழல்கள் மெத்தென்று கரைகின்றன. இந்த முறைக்கு பவுன்ஸ் பிளாஷ் என்று பெயர்.

முதலில் கவனிக்க வேண்டியது திசை. பத்தடி, அதாவது 3 மீட்டர் உயரக் கூரை கொண்ட கூடத்தில், நாற்காலியில் அமர்ந்திருப்பவரை 2 மீட்டர் தள்ளி நின்று படமெடுப்பதாகக் கொள்ளலாம். பலர் பிளாஷ் தலையை 45 பாகை முன்னோக்கிச் சாய்ப்பார்கள். அப்போது வெளிச்சம் கூரையில் படும் இடம் ஏறக்குறைய அமர்ந்திருப்பவரின் தலைக்கு மேலேயே வந்துவிடும். அங்கிருந்து செங்குத்தாக இறங்கும் ஒளியில் கண்குழிகள் இருண்டுபோகும். தலையைச் செங்குத்தாக நிமிர்த்தினால், ஒளி படமெடுப்பவரின் தலைக்கு மேலுள்ள கூரையில் பட்டு, முன்பக்கமாகச் சரிந்து முகத்தில் விழும். அருகில் வெள்ளைச் சுவர் இருந்தால் தலையைச் சற்றே அந்தப் பக்கம் திருப்பலாம். ஒரு கன்னம் பிரகாசமாகவும் மறு கன்னம் மங்கலாகவும் அமைந்து முகத்துக்கு வடிவம் கிடைக்கும். சுவரில் பச்சையோ இளஞ்சிவப்போ பூசியிருந்தால் அந்த நிறம் தோலில் ஏறிவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். சீலிங் ஃபேன் வழியில் குறுக்கிட்டாலும் திசையை மாற்றுவதே நல்லது.

கூரையைச் சுற்றி வருவதால் ஒளி வலுவிழக்கிறது. எவ்வளவு சக்தி தேவை என்பதை பிளாஷின் கைடு நம்பரைக் கொண்டு மதிப்பிடலாம். இந்த எண்ணைத் தொலைவால் வகுத்தால், முழு சக்தியில் வைக்க வேண்டிய அபெர்ச்சர் கிடைக்கும். ஐ.எஸ்.ஓ. 100-இல் 40 மீட்டர் கைடு நம்பர் உள்ள பிளாஷை எடுத்துக்கொள்வோம். மேலே சொன்ன கூடத்தில் ஒளி கூரைக்கு ஏறி முகத்துக்கு இறங்கும் பாதை சுமார் 4 மீட்டர். 40-ஐ 4-ஆல் வகுத்தால் f/10. கூரையில் சிதறி வீணாகும் ஒளிக்காக இரண்டு ஸ்டாப் கழித்தால் f/5. ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கினால் அந்த இரண்டு ஸ்டாப்பும் திரும்பக் கிடைக்கும். எனவே அதே f/5-இல் 1/4 சக்தி போதும்.

இது தொடக்கப் புள்ளி மட்டுமே. ஒரு படம் எடுத்துப் பார்த்து, முகம் இருண்டிருந்தால் 1/2, வெளிறியிருந்தால் 1/8 என மாற்ற வேண்டும். ஒவ்வொரு படியும் ஒரு ஸ்டாப். முழு சக்தியில் அடித்தால் பிளாஷ் மீண்டும் தயாராகச் சில விநாடிகள் பிடிக்கும்; 1/4-இல் காத்திருப்பு வெகுவாகக் குறையும். ஷட்டர் வேகத்தை 1/125 அளவில் வைக்கலாம். அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் அறை விளக்குகளின் ஒளிதான் மாறும், பிளாஷின் ஒளி மாறாது. ஆனால் பல கேமராக்களில் 1/200-ஐ ஒட்டிய ஒத்திசைவு வேகத்தைத் தாண்டினால், படத்தின் ஒரு பகுதி கறுப்புப் பட்டையாகிவிடும்.

டி.டி.எல். முறையில் கேமரா முன்கூட்டியே சிறு மின்னல் ஒன்றை அடித்து, திரும்பும் ஒளியை அளந்து, சக்தியைத் தானே தீர்மானிக்கும். வெள்ளை வேட்டி சட்டை சட்டகத்தை நிறைத்தால் ஒளி அதிகம் என்று எண்ணி அது சக்தியைக் குறைத்துவிடும், முகம் மங்கும். அப்போது பிளாஷ் ஈடுகட்டலை +1 என வைக்க வேண்டும். கறுப்பு உடைக்கு இதற்கு நேர்மாறு. +1 வைத்தும் படம் வெளுக்கவில்லை என்றால், பிளாஷ் ஏற்கெனவே முழு சக்தியைத் தொட்டுவிட்டது என்று பொருள், ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துவதே வழி. மிக உயரமான மண்டபங்களிலும் மரக் கூரையின் கீழும் இந்த முறை பலிக்காது.

செங்கண் தோன்றுவதும் ஒளியின் திசையால்தான். மங்கிய அறையில் கண்ணின் பாப்பா விரிந்திருக்கும். லென்ஸுக்கு ஒட்டினாற்போல் உள்ள பிளாஷின் ஒளி அதன் வழியே நுழைந்து, ரத்தக் குழாய்கள் நிறைந்த கண்ணின் பின்சுவரில் பட்டு, வந்த வழியே லென்ஸுக்குத் திரும்புகிறது. அந்தச் சிவப்பே படத்தில் பதிகிறது. ஹாட் ஷூ பிளாஷ் லென்ஸுக்குச் சற்று மேலே இருப்பதால் அருகில் இந்தத் தொல்லை குறைவு. தொலைவு கூடக் கூட லென்ஸுக்கும் பிளாஷுக்கும் இடையிலான கோணம் குறுகி, சிவப்பு தலைகாட்டும். செங்கண் தடுப்பு விளக்கு முன்னதாக ஒளிர்ந்து பாப்பாவைச் சுருக்குகிறது. ஆனால் அந்தத் தாமதத்தில் முகபாவம் மாறிவிடக்கூடும். பவுன்ஸ் முறையில் ஒளி கூரையிலிருந்து வருவதால், கண்ணுக்குள் பட்டுத் திரும்புவது லென்ஸை நோக்கி வருவதில்லை. தடுப்பு விளக்கை அணைத்தே வைக்கலாம். அப்படியும் கண் சிவந்தால், முன்னோக்கிச் சாய்ந்த பிளாஷ் தலையிலிருந்து ஒளி நேராக முகத்தில் கசிகிறது என்று அறியலாம். தலையை இன்னும் நிமிர்த்தினால் சரியாகும்.