எட்டு எண்ணிக்கை தள்ளி

லண்டனில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு தோல் ஏடு இருக்கிறது. ரெடிங் என்ற ஊரின் மடத்தோடு தொடர்புடைய ஏடு அது. அதன் ஒரு பக்கத்தில், கோடை வந்துவிட்டதைக் கொண்டாடும் ஆங்கிலப் பாட்டு ஒன்று சுரக் குறிப்போடு எழுதப்பட்டிருக்கிறது. 'சுமர் கேனன்' என்று இன்று அதற்குப் பெயர். எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரே மெட்டுதான். பாடுவதற்கோ ஆறு பேர் வேண்டும். இரண்டு பேர் அடியில் ஒரு சின்ன வரியைத் திருப்பித் திருப்பிப் பாட, மற்ற நால்வரும் மேலே உள்ள அந்த ஒரே மெட்டைப் பாடுகிறார்கள். அதுவும் சேர்ந்து அல்ல, ஒருவர் பின் ஒருவராக. மெட்டின் நடுவே ஒரு சிலுவைக் குறி போடப்பட்டிருக்கிறது. முதல் ஆள் அந்தக் குறியை எட்டியதும் இரண்டாம் ஆள் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் குறியை எட்டியதும் மூன்றாம் ஆள். எப்படிப் பாடுவது என்ற விதியும் பக்கத்திலேயே லத்தீனில் எழுதியிருக்கிறது.

கேனன் என்ற சொல்லுக்குக் கிரேக்க மூலத்தில் 'விதி' என்றே பொருள். ஒரு மெட்டும், மற்றவர்கள் அதை எப்போது, எந்தச் சுரத்திலிருந்து பின்தொடர வேண்டும் என்ற விதியும் சேர்ந்தால் அது கேனன். அதில் எளிய வகைதான் ரவுண்ட். எல்லாரும் ஒரே சுரத்தில் தொடங்கி, மெட்டு முடிந்ததும் மறுபடி முதலுக்கே போய்ச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். நர்சரிப் பிள்ளைகள் 'ஆர் யூ ஸ்லீப்பிங்' என்று பாடும் பாட்டு, 'ஃப்ரேர் ஜாக்' என்ற பிரெஞ்சு ரவுண்ட். நான்கு குழுவாகப் பிரிந்து பாடினால்தான் அதன் முழு உருவம் தெரியும்.

இந்தத் துரத்தல் முதலில் நம் காதுக்குப் பெரிய வித்தையாகத் தோன்றும். நம் கச்சேரியில் வயலின் பாட்டைப் பின்தொடர்வது வேறு விஷயம். அங்கே இருவரும் ஒரே மெட்டின் ஒரே இடத்தில் இருக்கிறார்கள். ரவுண்டில் ஒருவர் முதல் வரியிலும், இன்னொருவர் இரண்டாம் வரியிலும், மூன்றாமவர் மூன்றாம் வரியிலும் ஒரே நேரத்தில் இருக்கிறார்கள். அப்படியும் சுரங்கள் முட்டிக்கொள்ளாதது எப்படி?

விடை மெட்டைக் கட்டும் வரிசையில் இருக்கிறது. அழகான ஒரு நீண்ட மெட்டை எழுதிவிட்டு, தள்ளித் தள்ளிப் பாடினால் ஒத்துவருமா என்று பார்ப்பவர் ஏமாறுவார். ரவுண்ட் எழுதுகிறவர் முதலில் மூன்று வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கி, மூன்றும் ஒரே நேரத்தில் ஒலித்தால் இனிமையாக இருக்கும்படி செய்கிறார். பிறகு அந்த அடுக்கைப் பிரித்து, வரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நீட்டி வைக்கிறார். கேட்பவருக்கு அது ஓடும் மெட்டு. எழுதியவருக்கு அது அடுக்கு. முதல் ஆள் மூன்றாம் வரிக்கு வரும்போது இரண்டாம் ஆள் இரண்டாம் வரியிலும் மூன்றாம் ஆள் முதல் வரியிலும் இருப்பார்கள். அதாவது அந்த அடுக்கு திரும்பக் கூடிவிடுகிறது. அதன் பிறகு எத்தனை சுற்றுப் பாடினாலும் ஒலிப்பது அதே அடுக்குதான். எந்த வரி யார் குரலில் என்பது மட்டும் மாறும்.

ஒன்றை எழுதிப் பார்ப்போம். சங்கராபரணத்தின் சுரங்கள் போதும். வரிக்கு எட்டு எண்ணிக்கை, அதாவது ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம். மூன்று வரிகள், மூன்று பேர்.

முதல் வேலை, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு ஆகிய அழுத்தமான எண்ணிக்கைகளில் என்ன சுரங்கள் கூடி ஒலிக்க வேண்டும் என்று முடிவு செய்வது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள், அதாவது ச-வும் ரி-யும், க-வும் ம-வும், சேர்ந்தால் உரசும். ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் இழையும். ச, க, ப என்பது அப்படி ஒரு கூட்டு. ப, நி, ரி இன்னொன்று. கீபோர்டு படிக்கும் பிள்ளைகள் கார்டு என்று சொல்வது இதைத்தான். ஒன்றிலும் மூன்றிலும் ச-க-ப கூட்டு, ஐந்தில் ப-நி-ரி, ஏழில் மறுபடி ச-வும் க-வும் என்று வைத்துக்கொள்கிறேன். ஐந்தில் வீட்டை விட்டு வெளியே போய், ஏழில் திரும்பி வருவது போல இருக்கும்.

இரண்டாவது வேலை, ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ஆளுக்கொரு சுரத்தைப் பிரித்துக் கொடுப்பது. முதல் வரிக்கு ச, க, ரி, க. இரண்டாம் வரிக்கு க, ச, கீழ் நி, ச. மூன்றாம் வரிக்கு ப, ப, கீழ் ப, ச. தொடக்கத்தில் முதல் வரி ச-விலிருந்து க-வுக்கு ஏறும்போது இரண்டாம் வரி க-விலிருந்து ச-வுக்கு இறங்குகிறது. இப்படி எதிரெதிராக நகர்ந்தால்தான் காது இரண்டையும் தனித்தனி ஆளாக அடையாளம் காணும்.

மூன்றாவது வேலை, எலும்புக்கூட்டுக்குச் சதை வைப்பது. வரிக்கு வரி நடை மாற வேண்டும். மூன்றும் ஒரே வேகத்தில் நடந்தால் சுரங்கள் ஒத்துப்போகும், ஆனால் துரத்தல் கேட்காது. ஒரே கூட்டம் நகர்வது போல மொத்தையாக ஒலிக்கும். ஆகவே முதல் வரி எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நடக்கிறது. இரண்டாவது இரண்டு எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நீட்டிப் பாடுகிறது. மூன்றாவதன் இரண்டாம் எண்ணிக்கையில் மட்டும் இரண்டு சுரங்கள் விரைவாக வருகின்றன. கீழ் ஸ்தாயிக்கு நட்சத்திரக் குறியும், நீட்டலுக்குக் கமாவும் போட்டு எழுதினால் இப்படி வரும்:

முதல் வரி: ச ரி க க | ரி ரி | க , ||

இரண்டாம் வரி: க , ச , | நி\* , | ச , ||

மூன்றாம் வரி: ப பப ப க | ப\* ப\* | ச , ||

மேலிருந்து கீழாக இதைச் சரிபார்க்க வேண்டும். முதல் எண்ணிக்கையில் ச, க, ப. மூன்றில் க, ச, ப. ஐந்தில் ரி, கீழ் நி, கீழ் ப. ஏழில் க, ச, ச. எங்கும் உரசல் இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மட்டும் போதாது, இரண்டிரண்டாகவும் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் இரண்டு பேர் மட்டுமே பாடும் எட்டு எண்ணிக்கை உண்டு, முடிவிலும் உண்டு. மூன்றாவது குரல் இருக்கும்போது மறைந்திருந்த குறை அங்கே வெளியே தெரிந்துவிடும்.

இரண்டாம் எண்ணிக்கையில் ஒரு சந்தேகம் வரலாம். அங்கே முதல் வரியில் ரி, இரண்டாம் வரியிலோ க நீண்டுகொண்டிருக்கிறது. பக்கத்துச் சுரங்கள்தான். ஆனாலும் காது பொறுத்துக்கொள்கிறது. அந்த ரி அழுத்தமில்லாத எண்ணிக்கையில், ச-விலிருந்து க-வுக்குப் படியேறும் வழியில் கால் வைத்துக் கடந்து போகும் சுரம். நின்று உரசுவதில்லை.

நின்று உரசுவது எப்படி இருக்கும் என்பதற்கு என் முதல் பிரதியே உதாரணம். மூன்றாம் வரியை முதலில் 'ப பப ம க' என்று எழுதியிருந்தேன். தனியாகப் பாடும்போது இப்போதைய வரியைவிட அழகாகவே இருந்தது. இரண்டு பேர் பாடும்வரைகூடத் தெரியவில்லை. மூன்றாம் ஆள் சேர்ந்ததும், ஒவ்வொரு சுற்றிலும் சரியாக மூன்றாம் எண்ணிக்கையில் ஒரு கடுகடுப்பு. அழுத்தமான இடத்தில் முதல் வரியின் க-வும் மூன்றாம் வரியின் ம-வும் அரை ஸ்வரத் தூரத்தில் மோதிக்கொண்டிருந்தன. ரவுண்டில் குறை இருந்தால் அது சுற்றுக்கு ஒருமுறை அதே எண்ணிக்கையில் திரும்ப வரும். அதை வைத்தே எந்தக் கட்டத்தில் பிழை என்று கண்டுபிடித்துவிடலாம். ம-வை எடுத்து ப போட்டேன். மெட்டு கொஞ்சம் எளிமையானது, அடுக்கு தெளிந்தது.

பாடும்போது கவனிக்க இரண்டு விஷயங்கள் உண்டு. சுரங்களைக் கமகம் இல்லாமல் நேராகப் பாட வேண்டும். க-வை அசைத்துப் பாடினால் அது ம-வைத் தொட்டுத் தொட்டு வரும். மற்ற குரல்களோடு இழையாது. முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களைப் பாடிய குரலுக்கு இது பழக்கமானதுதான். இரண்டாவது, மூவரும் ஒரே ஸ்தாயியில் பாட வேண்டும். ஆண் குரல் ஒன்று மூன்றாம் வரியை ஒரு ஸ்தாயி கீழே பாடினால், ச-வுக்கு மேலே இருக்க வேண்டிய ப அதற்குக் கீழே போய்விடும். அப்போது வீட்டில் இருக்கும் உணர்வு தளர்ந்து, முடியாத வாக்கியம் போல ஒலிக்கும்.

ரவுண்டைத் தாண்டிப் போனால் கேனனின் விரிவு தெரியும். 17ஆம் நூற்றாண்டு ஜெர்மனியைச் சேர்ந்த பாகெல்பெல் எழுதிய புகழ்பெற்ற கேனனில் மூன்று வயலின்கள் ஒரே மெட்டை வாசிக்கின்றன. கீழே எட்டே சுரங்கள் கொண்ட ஒரு வரி 28 முறை திரும்பத் திரும்ப வருகிறது. அந்த எட்டுச் சுரங்களின் நீளமும், ஒரு வயலினுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியும் ஒன்றே. எனவே மெட்டு எவ்வளவு மாறினாலும், எந்தத் துண்டும் அதே கூட்டுகளின் மேல்தான் வந்து உட்காருகிறது. நாம் இப்போது எழுதிய அடுக்கே அது, மூன்று மாடிக்குப் பதிலாக அதைவிட மிக உயரம். 1741இல் அச்சான பாக்கின் 'கோல்ட்பெர்க்' மாறுபாடுகளில் துரத்துபவர் வேறு சுரத்தில் தொடங்குகிறார். மூன்றுக்கு ஒரு மாறுபாடு கேனன். முதல் கேனனில் இருவருக்கும் தொடக்கம் ஒரே சுரம்; அடுத்ததில் ஒரு படி தள்ளி, அதற்கடுத்ததில் இரண்டு படி என்று இடைவெளி வளர்ந்துகொண்டே போகிறது. அங்கே அடுக்கைக் கட்டிவிட்டுப் பிரிக்க முடியாது. ஒரு துண்டு எழுதி, அதைப் பின்குரலுக்கு நகலெடுத்து, அந்த நகலுக்கு ஒத்துப்போகும்படி அடுத்த துண்டை எழுதி, அதையும் நகலெடுத்து என்று முன்னே போக வேண்டும்.

நம் மூன்று வரிகளுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். மூன்று பேர் கிடைத்தால் தாளம் போட்டுத் தொடங்கலாம். ஒருவர் ஓர் ஆவர்த்தனம் முடித்ததும் அடுத்தவர் சேர்ந்துகொள்ள வேண்டும். இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு, தொடங்கிய வரிசையிலேயே ஒவ்வொருவராக நிறுத்தலாம். கடைசியில் மூன்றாம் ஆள் மட்டும் தனியாக மூன்றாம் வரியைப் பாடிக்கொண்டிருப்பார். கீழ் ப-வுக்கு இறங்கி ச-வில் நிற்கும் அந்த வரியைத்தான் இவ்வளவு நேரமும் மூவரும் மாறி மாறி மற்ற இரண்டு வரிகளுக்கு அடித்தளமாகப் பாடி வந்தார்கள். தனியாகக் கேட்கும்போதுதான் அதுவும் ஒரு மெட்டு என்று தெரியும்.