மெக்கானிக்கலிலிருந்து சாஃப்ட்வேருக்கு: இண்டர்வியூவில் சொல்ல ஒரு சம்பவம்

ஆலையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு முதல் டெவலப்பர் இண்டர்வியூவுக்குப் போகிறவரிடம் "ஏன் மாறுகிறீர்கள்?" என்று கேட்காமல் விடமாட்டார்கள். "சின்ன வயதிலிருந்தே கம்ப்யூட்டர் பிடிக்கும்" என்பதைக் கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்திருக்கும். "மெக்கானிக்கலில் சம்பளம் குறைவு" என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதற்குமேல் பேச ஒன்றும் இருக்காது. ஆலையில் நடந்த ஒரே ஒரு சம்பவம் போதும், அதில் நீங்களே எழுதிய ப்ரோக்ராம் இருந்தால்.

ஓசூரில் வாகன உதிரிபாக ஆலை ஒன்றில் குவாலிட்டி பிரிவில் இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். பாகத்தின் துளை விட்டம் 25.00 முதல் 25.02 மி.மீ. வரை இருக்கலாம். ஷிஃப்ட் முடிந்ததும் எக்செல்லைப் பார்த்து ரிஜெக்ட்களை எண்ணுவது அவர் வேலை. அலுத்துப்போய் பைத்தான் கற்று, பாண்டாஸில் எழுதுகிறார்:

```python
bad = (df["bore"] < 25.00) | (df["bore"] > 25.02)
```

பலரும் கதையை இங்கேயே முடித்து, "நேரம் மிச்சமானது" என்பார்கள். சொல்ல வேண்டியதே இதற்கு அப்புறம்தான் இருக்கிறது. ஆபரேட்டர் அளவு எழுதாமல் விட்ட கட்டம் பாண்டாஸில் `NaN` ஆகிவிடும். அது 25.00-ஐவிடச் சிறிதா என்றாலும், 25.02-ஐவிடப் பெரிதா என்றாலும் விடை `False`தான். ஆக, அளக்கவே அளக்காத பாகம் நல்ல பாகமாகிவிடும். எரர் எதுவும் வராது. கையால் எண்ணிய பழைய ஷீட்டோடு ஒத்துப் பார்க்கும்போது மாட்டுகிறது: அளந்தவை 47தான், ஆனால் ப்ரோக்ராம் 50-க்கும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. `df["bore"].isna()` கொண்டு "அளக்கவில்லை" என்று மூன்றாவது வகையைப் பிரிக்கிறார்.

அளக்காத பாகத்தை 'ஓகே' என்று சொல்லக்கூடாது என்பது ஆலையில் கற்ற பாடம். அது கோடுக்குள் எப்படி நழுவியது என்று தேடிப் பிடித்தது டெவலப்பர் வேலை. இரண்டும் ஒரே சம்பவத்தில் இருப்பதால்தான் இது எடுபடும்.

இரண்டு நிமிடத்துக்குள் சொல்லுங்கள். எதிரே இருப்பவருக்கு டாலரன்ஸ் தெரியாமல் இருக்கலாம். "துளை பெரிதானால் ஷாஃப்ட் ஆடும்" என்றால் போதும். பிறகு துருவுவார்கள். ஆபரேட்டர் புள்ளிக்குப் பதில் கமா வைத்து 25,01 என்று அடித்தால்? அந்தக் கட்டம் எழுத்தாக வந்து, ஒப்பிடும் வரி `TypeError` தந்து நிற்கும். உண்மையில் அது நல்லது, பிழை கண்ணில் படுகிறது. டெஸ்ட் எழுதினீர்களா? எழுதவில்லையென்றால் இல்லை என்றே சொல்லி, வெற்றுக் கட்டத்துக்கு என்ன டெஸ்ட் எழுதுவீர்கள் என்று விளக்குங்கள்.

ஒன்றே ஒன்று: காட்டுவதற்காக ஆலையின் எக்செல்லையோ டிராயிங்கையோ லேப்டாப்பில் எடுத்துப் போகாதீர்கள். அவை கம்பெனியின் சொத்து. நீங்களே எண்களைப் போட்டு அதே மாதிரி ஒரு ஃபைல் தயாரித்துக்கொள்ளுங்கள்.