புரையேறாததும் ஆபத்துதான்

சாப்பிடும்போது யாருக்காவது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லி, ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டுவது நம் வீடுகளில் வழக்கம். பக்கவாதம் வந்து வீடு திரும்பியவருக்கு அந்தத் தண்ணீரே பெரிய ஆபத்தாகிவிடும். ஏன் என்று தெரிந்துகொண்டால், அவருக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்பதில் பாதி புரிந்துவிடும்.

தொண்டைக்குள் இரண்டு வழிகள் அருகருகே இருக்கின்றன. முன்னால் இருப்பது மூச்சுக்குழாய், பின்னால் இருப்பது உணவுக்குழாய். நாம் விழுங்கும் ஒவ்வொரு முறையும் குரல்வளை மேலே எழும்பி, மூச்சு வழி ஒரு நொடி மூடிக்கொள்கிறது. அந்த நேரத்தில் உணவு பின்வழியில் இறங்கிவிடும். பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி பாதிக்கப்படும்போது நாக்கும் கன்னமும் ஒரு பக்கம் தளர்ந்து போகின்றன. விழுங்கும் செயலும் சற்றுத் தாமதமாகத் தொடங்குகிறது. தண்ணீர் அதுவரை காத்திருக்காது. மூச்சு வழி மூடுவதற்கு முன்பே ஓடி உள்ளே விழுந்துவிடும். அதனால்தான், 'தண்ணீர்தானே, தொண்டையை நனைக்கட்டும்' என்று நாம் கொடுக்கும் ஒரு வாய், கெட்டியான கஞ்சியைவிட ஆபத்தானதாகிறது. மோர், காபி, இளநீர், ரசம் எல்லாம் இதே கணக்குதான். வாய்ச்சூட்டில் உருகிவிடும் ஐஸ்கிரீமும் தண்ணீர்தான்.

பக்கவாதம் வந்த புதிதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். பலருக்கு ஓரிரு வாரங்களில் அது சரியாகிவிடுகிறது. அதற்குள் நுரையீரலுக்குள் உணவு போகாமல் காப்பதுதான் வீட்டாரின் வேலை. அப்படிப் போன உணவும் எச்சிலும் நிமோனியாவைக் கொண்டுவரும். இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சியே குறைந்திருக்கும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போனாலும் இருமல் வராது. 'இருமவே இல்லை, நன்றாகத்தான் குடிக்கிறார்' என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப்போகும். எனவே மருத்துவரோ விழுங்கல் பயிற்சி தருபவரோ சோதித்துச் சொல்லாமல், ஒரு ஸ்பூன் தண்ணீர்கூட வாய்வழி கொடுக்கக் கூடாது. எந்த அளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்பதையும் அவர்களிடமே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வலது பக்கம் தளர்ந்த ஓர் அப்பாவுக்கு அவருடைய மகள் காலை 8 மணிக்குக் கேழ்வரகுக் கஞ்சி ஊட்டப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். கெட்டியான உணவு கொடுக்கலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் அப்பா நன்றாக விழித்திருக்கிறாரா என்று பார்க்கிறாள். கூப்பிட்டால் கண்ணை மூடிக்கொண்டே முனகினால் அந்த வேளைச் சாப்பாடு தள்ளிப்போக வேண்டியதுதான். தூக்கக் கலக்கத்தில் ஊட்டவே கூடாது. பிறகு அவரை நாற்காலியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சாய்ந்து விழாதபடி வலது பக்கம் ஒரு தலையணையை அணைத்து வைக்கிறாள். பாதங்கள் தரையில் பதிந்திருக்கின்றன. டி.வி. அணைந்திருக்கிறது.

அடுத்து அவள் செய்வது, எதிரே ஒரு முக்காலியில் உட்காருவது. இது சாதாரணமாகத் தோன்றும். நின்றுகொண்டு ஊட்டினால் நோயாளி அண்ணாந்து பார்ப்பார். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சு வழி திறந்துகொள்ளும். சொம்பைத் தூக்கி அண்ணாந்து குடிக்கும் நம் பழக்கமும் இதனாலேயே இப்போது கூடாது. முகவாய் சற்றுக் கீழ்நோக்கி இருப்பது நல்லது. தலையை ஒரு பக்கம் திருப்பி விழுங்குவது போன்ற தனி முறைகள் ஆளுக்கு ஆள் மாறும். பயிற்சியாளர் சொன்னால் மட்டும் செய்யுங்கள்.

கஞ்சியின் பதத்தை அவள் ஸ்பூனிலேயே பார்க்கிறாள். ஸ்பூனைச் சாய்த்தால் கஞ்சி ஒரே கட்டியாக வழுக்கி விழ வேண்டும். தண்ணீராக ஓடினால் நீர்த்துவிட்டது. விழாமல் பசையாக ஒட்டிக்கொண்டால் தொண்டையிலும் அப்படியே ஒட்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. எச்சில் பட்ட ஸ்பூனை மறுபடி மறுபடி அதே கிண்ணத்தில் விட்டால், எச்சில் மாவுச்சத்தைக் கரைத்து, கெட்டிக் கஞ்சியைச் சற்று நேரத்தில் நீர்க்க வைத்துவிடும். அதனால் பெரிய பாத்திரத்திலிருந்து சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறாள்.

அரை டீஸ்பூன் எடுத்து வாயின் இடது பக்கம், அதாவது தளராத பக்கம் வைக்கிறாள். உடனே அடுத்ததை நீட்டுவதில்லை. அப்பாவின் தொண்டை மேடு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறாள். இறங்கியதும், "அப்பா, 'ஆ'ன்னு சொல்லுங்க" என்கிறாள். குரல் தெளிவாக வந்தால் அடுத்த ஸ்பூன். தண்ணீருக்குள்ளிருந்து பேசுவதுபோல் களகளவென்று ஈரமாக வந்தால், குரல்நாண்கள்மேல் ஏதோ தங்கியிருக்கிறது. "தொண்டையைக் கனைச்சுட்டு இன்னொரு தடவை முழுங்குங்கப்பா" என்று சொல்லிக் காத்திருக்கிறாள். இருமல் வராதவர்களிடமும் இந்த ஈரக் குரல் பல சமயம் காட்டிக்கொடுக்கும், எப்போதும் அல்ல. அரை மணிக்குள் அவர் களைத்துப்போனால் நிறுத்திவிடுகிறாள். மீதியை இரண்டு மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம்.

மதியத்துக்கு நன்றாகக் குழைத்து, நீர் பிரியாமல் மசித்த தயிர்சாதம் ஏற்றது. ரசம் சாதமும் சாம்பாரில் மிதக்கும் இட்லியும் வேண்டாம். பருக்கையை மெல்லும்போதே சாறு தனியாக ஓடித் தொண்டைக்குப் போய்விடும். உதிரும் புட்டு, முறுக்கு, தேங்காய்த் துருவல், நார்க்கீரையும் ஆகாது. மாத்திரைகளை நீங்களாகப் பொடி செய்யாதீர்கள். சில மாத்திரைகள் மெதுவாகக் கரையவே தயாரிக்கப்பட்டவை. எதைப் பொடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பிட்டு முடித்ததும் மகள் டார்ச் அடித்து வலது கன்னத்துக்குள் பார்க்கிறாள். அங்கே கஞ்சி ஒதுங்கியிருப்பது அவருக்கே தெரியாது. அதைத் துடைத்தெடுத்து, பல்லும் நாக்கும் சுத்தம் செய்கிறாள். படுக்க விடாமல் அரை மணி நேரம் அப்படியே உட்கார வைக்கிறாள். மூக்குக் குழாய் வழியாக உணவு போகிறவர்களுக்கும் வாய்ச் சுத்தம் இதே அளவு முக்கியம். வாயிலிருக்கும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குப் போய்த்தான் நிமோனியா தொடங்குகிறது.

புரையேறினால் முன்னால் சாய்த்து, இருமவிடுங்கள். தலையில் தட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். இருமவோ பேசவோ முடியாமல் முகம் நீலம் பாய்ந்தால், முன்னால் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். பலிக்காவிட்டால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்கு மேலே வயிற்றை உள்ளும் மேலுமாக 5 முறை அழுத்துங்கள். இவற்றை மாறி மாறிச் செய்யும்போதே இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

சாப்பாட்டின்போது எதுவும் நடக்காவிட்டாலும், அடுத்த ஓரிரு நாளில் காய்ச்சல், வேகமான மூச்சு, நெஞ்சில் கரகரப்பு, வழக்கத்துக்கு மீறிய தூக்கம் இவற்றில் ஒன்று வந்தாலும் ஊட்டுவதை நிறுத்தி, அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நலம் விசாரிக்க வரும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: அவர் கேட்டாலும், பாவமாக இருந்தாலும், வீட்டாரைக் கேட்காமல் அவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.